எண்பதாயிரத்தில் இருபத்திரண்டாயிரம்: பாதி சரியாக நடந்த வேலைக்குப் பணத்தை நிறுத்தி வைப்பது எப்படி

ஒரு கட்டுமான நிறுவனத்தில் கான்ட்ராக்டர்களின் பில்லைச் சரிபார்த்து அனுப்பும் மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பில்லை முழுதாக நிறுத்துவது அபூர்வம். வேலையில் குறை இருந்தால் குறைக்கு உரிய தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியை அந்த வாரமே அனுப்பிவிடுவோம். ஏன் பிடித்தோம், எவ்வளவு பிடித்தோம், எப்போது விடுவிப்போம் என்று ஒரு தாளும் கூடவே போகும். சொந்த வீட்டு வேலை என்று வந்துவிட்டால் படித்தவர்கள்கூட இதைச் செய்வதில்லை. கோபம் வந்தால் முழுப் பணத்தையும் நிறுத்துகிறார்கள், கூச்சம் வந்தால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறார்கள்.

என் மைத்துனர் முதல் வகை. வேளச்சேரியில் உள்ள அவருடைய வீட்டுக்கு 2024இல் பெயின்ட் அடித்து, மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போட்டார்கள். கொட்டேஷன் நான்கு வரிகளில் இருந்தது: உட்சுவர் பட்டி பார்த்து, பிரைமர், எமல்ஷன் அடிக்க ரூ.1,12,000; வெளிச்சுவருக்கு ரூ.46,000, கிரில், கதவுகளுக்கு எனாமல் ரூ.14,000, மொட்டை மாடிப் பூச்சு ரூ.38,000. மொத்தம் ரூ.2,10,000. முன்பணமாக எண்பதாயிரமும் நடுவில் ஐம்பதாயிரமும் கொடுத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. அக்டோபர் 5ஆம் தேதி மீதி ரூ.80,000 கேட்டு பில் வந்தது. பத்து நாள் கழித்து மழை வந்தது. படுக்கையறைச் சீலிங்கில் ஓதம் இறங்கிப் புதுப் பெயின்ட் கொப்பளித்தது.

“ஒரு பைசா தரமாட்டேன்” என்றார் மைத்துனர். மறுநாள் கான்ட்ராக்டர் வரவில்லை. பெயின்ட் அடித்த பையன்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள், கூலி பாக்கி என்று. அவர்கள் அடித்த சுவர்களில் ஒரு குறையும் இல்லை. முழுப் பணத்தையும் நிறுத்தினால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்டவர்கள்தான். அதோடு, சரியாக நடந்த வேலைக்கும் பணம் தராதவர் என்ற பெயர் நமக்கு வந்துவிடும். பிறகு வழக்கு என்று போனால் முதல் கேள்வியே அதில்தான் தொடங்கும்.

முதலில்: நிறுத்தி வைக்கும் நிலையில் இருக்கிறீர்களா

மூன்று இடங்களில் இந்த வழி உதவாது.

உங்கள் பொருள் அவர் கையில் இருந்தால் உதவாது. காரையோ கைக்கடிகாரத்தையோ பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 170ஆவது பிரிவு அதைத் தருகிறது. ஒப்புக்கொண்டபடி, உரிய காலத்துக்குள் வேலை நடந்திருக்க வேண்டும் என்பது அந்த உரிமைக்கே உள்ள நிபந்தனை. ஆனால் அந்த வாதத்தை மெக்கானிக் ஷெட்டில் நின்று செய்து வண்டியை மீட்க முடியாது. ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வருவது, பிறகு திருப்பிக் கேட்பது, இதுதான் நடைமுறை.

பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் கவனம் வேண்டும். வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி நிறுத்திவிடலாம் என்று நினைப்பார்கள். நிறுத்தச் சொன்னதால் திரும்பிய காசோலைக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரலாம். உங்களிடம் நல்ல எதிர்வாதம் இருக்கலாம். அதைச் சொல்லக் குற்றவியல் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருக்கும். ஆகவே வேலை முடியும் முன்பு கடைசித் தவணைக்குக் காசோலை கொடுக்காதீர்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ கான்ட்ராக்டருக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்து, நீங்கள் மாதத் தவணை கட்டுகிறீர்கள் என்றால், தவணையை நிறுத்துவது கான்ட்ராக்டரைத் தொடாது. உங்கள் கடன் மதிப்பெண்தான் இறங்கும்.

மைத்துனரிடம் எண்பதாயிரம் கையில் இருந்தது. காசோலை எதுவும் கொடுக்கவில்லை. தொடரலாம்.

குறையைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் எல்லாக் குறைகளையும் எழுதச் சொன்னேன். ஏழு வந்தன. அதில் ஒன்று, கூடத்துச் சுவரின் நிறம் நினைத்ததைவிட வெளிறிப்போய் இருக்கிறது என்பது. வண்ண அட்டையில் எண்ணைத் தேர்ந்தெடுத்தது என் தங்கை. அடித்திருப்பதும் அதே எண். அது ரசனைக் குறை, வேலைக் குறை அல்ல. அடித்தேன். வேலை நான்கு நாள் தாமதம் என்பதும் இருந்தது. அந்த நான்கு நாளில் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டம் இல்லை. அதையும் அடித்தேன். பட்டியல் நீண்டால் பலம் கூடும் என்று தோன்றும். பில் மேசையில் நான் பார்த்தது வேறு: ஏழு குறை எழுதினால் எதிராளி பலவீனமான இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தைப் பற்றிப் பேசவே மாட்டார்.

கடைசியில் இரண்டு நின்றன: மாடிக் கசிவு, அதனால் கெட்ட சீலிங்.

கசிவு என்றால் அது இந்தப் பூச்சின் குறைதானா என்பதையும் காட்டவேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்தும் ஓதம் இறங்கலாம். அதற்கு எளிய சோதனை, மாடியில் தண்ணீர் தேக்குவது. மழை விட்ட இரண்டு நாளில், மழைநீர்க் குழாய் வாய்களைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, சுமார் இரண்டு அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட்டோம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம். அதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. பழைய தளம் என்றால் ஒரு பொறியாளரைக் கேட்டுவிட்டுத் தேக்குங்கள். தண்ணீர் மட்டம் குறைவதை வைத்து முடிவு கட்டக்கூடாது, வெயிலிலும் குறையும். கீழே சீலிங்கில் ஈரம் எங்கே தெரிகிறது என்பதே சாட்சி. தொடங்கும் முன்பு ஒரு படம், 24 மணி நேரத்தில் ஒன்று, 48இல் ஒன்று. ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டால் அது பரவுவது படத்திலேயே தெரியும். சோதனைக்கு முந்தைய நாளே கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் நேரத்தைச் சொல்லி வரச் சொன்னோம். வரவில்லை. நீல டிக் விழுந்திருந்தது, அது போதும்.

எவ்வளவு என்பது உங்கள் கோபத்தின் அளவு அல்ல

இங்கேதான் மைத்துனரோடு ஒரு மாலை முழுவதும் வாதம். மாடி ஒழுகுகிறது, ஆகவே மாடிக்கான முப்பத்தெட்டாயிரமும் கிடையாது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேறொரு கான்ட்ராக்டரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். தளத்தின் நடுப்பகுதியில் பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், இரண்டு மழைநீர்க் குழாய் வாய்களைச் சுற்றியும் வலைத்துணி வைக்காமல் வெறும் பூச்சு அடித்திருக்கிறார்கள், விரிசல் அங்கே வந்திருக்கிறது என்றார். அவற்றைச் சுரண்டி, வலைத்துணி வைத்து மறுபடி பூச ரூ.16,500. சீலிங்கைச் சுரண்டிப் பட்டி பார்த்து அடிக்க ரூ.5,500. எழுத்தில் வாங்கினோம். மொத்தம் ரூ.22,000.

நிறுத்தி வைக்கவேண்டியது அதுதான்: சரிசெய்ய ஆகும் செலவு, மூன்றாம் மனிதர் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கில். பூச்சு முழுவதும் உரிந்து, எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டிய நிலை என்றால் அந்தச் செலவு கொட்டேஷன் விலையைவிடக் கூடுதலாகவும் வரலாம். அப்போதும் இதே முறைதான். செய்யக்கூடாதது, அந்த வேலையின் விலையையும் பிடித்துக்கொண்டு, சரிசெய்யும் செலவையும் கேட்பது. ஒரே குறைக்கு இரண்டு முறை கழிக்க முடியாது. மன உளைச்சல், அலைச்சல் ஆகியவற்றுக்கு ஒரு தொகையை நீங்களே போட்டுப் பிடிக்கவும் வேண்டாம். அதை நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம், பில்லில் கழிக்க முடியாது.

எண்பதில் இருபத்திரண்டு போக, ஐம்பத்தெட்டாயிரம் உடனே தரவேண்டிய பணம்.

கடிதம்

பணத்துக்கு முன்னால் கடிதம் போகவேண்டும், அல்லது இரண்டும் ஒரே நாளில். பணம் முதலில் போய் விளக்கம் பத்து நாள் கழித்துப் போனால், ஐம்பத்தெட்டாயிரத்தை அவர் தன் கணக்கில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார். நாங்கள் அனுப்பியது இது:

> தேதி: 24.10.2024
>
> பொருள்: 05.10.2024 தேதியிட்ட உங்கள் பில் – ஏற்கும் தொகை ரூ.58,000 செலுத்துவது, ஆட்சேபிக்கும் தொகை ரூ.22,000 நிறுத்தி வைப்பது பற்றி
>
> ஐயா,
>
> 1. உங்கள் 20.07.2024 கொட்டேஷன்படி வேலையின் மொத்த மதிப்பு ரூ.2,10,000. இதில் ரூ.1,30,000 முன்பே செலுத்தியிருக்கிறேன். மேற்கண்ட பில்லில் நீங்கள் கேட்டிருப்பது ரூ.80,000.
>
> 2. வெளிச்சுவர், கிரில் மற்றும் கதவுகள், படுக்கையறைச் சீலிங் நீங்கலான உட்சுவர் ஆகிய வேலைகளை ஏற்றுக்கொள்கிறேன். மாடிப் பூச்சில் கீழே 3இல் சொல்லியுள்ள இடங்கள் நீங்கலான பகுதியையும், இன்று தெரிகிற நிலையில், ஏற்கிறேன்.
>
> 3. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மூலையிலும் இரண்டு மழைநீர்க் குழாய் வாய்களைச் சுற்றியும் நீர் கசிகிறது. 20.10.2024 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்ததில் இது தெரிந்தது. சோதனைக்கு உங்களை 19.10.2024 அன்று அழைத்திருந்தேன். இந்தக் கசிவால் படுக்கையறைச் சீலிங்கில் பெயின்ட் கொப்பளித்துள்ளது. படங்கள் இணைப்பில்.
>
> 4. இவற்றைச் சரிசெய்ய, இணைப்பில் உள்ள மதிப்பீட்டின்படி, மாடிக்கு ரூ.16,500, சீலிங்குக்கு ரூ.5,500, ஆக ரூ.22,000 ஆகும்.
>
> 5. 2இல் ஏற்றுக்கொண்ட வேலைகளுக்காக ரூ.58,000 இன்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறேன். இந்தத் தொகையை அந்த வேலைகளின் கணக்கில் மட்டும் வரவு வைக்கவேண்டும்.
>
> 6. ரூ.22,000 ஆட்சேபத்துக்கு உரியது. 3இல் சொல்லியுள்ள குறைகள் சரிசெய்யப்படும்வரை அந்தத் தொகையைச் செலுத்தவேண்டிய பொறுப்பை நான் ஏற்கவில்லை.
>
> 7. குறைகளை நீங்களே சரிசெய்ய விரும்பினால், ஒரு நாள் முன்பு தெரிவித்துவிட்டு, காலை 9 முதல் மாலை 5 வரை எந்த நாளிலும் ஆட்களை அனுப்பலாம். 31.10.2024க்குள் தொடங்கி 14.11.2024க்குள் முடிக்கக் கேட்கிறேன். மழை நாட்களுக்கு ஈடாகக் காலம் நீட்டித்துத் தரப்படும். முடிந்தபின் மறுபடி தண்ணீர் தேக்கிச் சோதித்து, கசிவு இல்லை என்றால் ஐந்து நாட்களுக்குள் ரூ.22,000 செலுத்துவேன்.
>
> 8. அதற்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வேன். ஆன செலவின் ரசீது நகலை உங்களுக்கு அனுப்பி, ரூ.22,000இல் மிச்சம் இருந்தால் அதையும் செலுத்திவிடுவேன்.
>
> 9. இந்தக் கடிதமும் இன்றைய செலுத்துதலும் சட்டப்படி எனக்கு உள்ள மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செய்யப்படுகின்றன.

சில சொற்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மைத்துனர் எழுதிய முதல் வரைவில் “பாக்கி ரூ.22,000 பிறகு தருகிறேன்” என்று இருந்தது. பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கடன்பட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். காலவரையறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து வழக்குப் போடும் காலமும் புதிதாகத் தொடங்கும். ஆகவே பாக்கி, நிலுவை, மீதி, தரவேண்டியது என்ற நான்கு சொற்களும் அந்த இருபத்திரண்டாயிரத்தின் பக்கத்தில் வரவே கூடாது. ஆட்சேபிக்கும் தொகை, நிறுத்தி வைத்த தொகை என்றே எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறாக நமக்கே இன்னொரு ஆசை வரும்: ஐம்பத்தெட்டாயிரத்தை அனுப்பி “இத்துடன் கணக்குத் தீர்ந்தது” என்று எழுதிவிடுவது. அது வேறு வகைக் கடிதம். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஒருவர் ஏற்றுக்கொண்டால் சட்டம் அதை மதிக்கும்தான், ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அவர் ஏற்கவேண்டும். ஏற்கமாட்டார், சண்டைதான் பெரிதாகும். அப்படியே ஏற்றாலும் அடுத்த மழையில் நடுத்தளம் ஒழுகினால் நீங்கள் வாய் திறக்க முடியாது. 7ஆவது பத்தியும் “கணக்குத் தீர்ந்தது” என்ற வரியும் ஒரே தாளில் இருக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த 7ஆவது பத்தியைப் பலர் எழுத மறுப்பார்கள். “இவனை மறுபடி வீட்டுக்குள் விடுவதா?” என்பார்கள். விடத்தான் வேண்டும். வேலையைச் செய்துமுடிக்க நியாயமான வசதியை நீங்கள் தர மறுத்தால், செய்யாமல் விட்டதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது என்பது அதே சட்டத்தின் 67ஆவது பிரிவு. கதவைச் சாத்திவிட்டு “அவர் சரிசெய்யவில்லை” என்று எழுதிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கு, கதவினால் கெட்டது.

கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். 2025இல் பதிவு அஞ்சல் ஸ்பீட் போஸ்டுடன் இணைந்துவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பணத்தை ரொக்கமாகத் தரவேண்டாம். யுபிஐ என்றாலும் வங்கிப் பரிமாற்றம் என்றாலும் குறிப்பு எழுதும் இடம் சிறியது, “பில் 05.10.24 ஏற்ற தொகை, கடிதம் 24.10.24” என்றால் போதும். முழு விளக்கம் கடிதத்தில் இருக்கிறது, குறிப்பு அதைக் கைகாட்டினால் சரி.

பதில் எப்படி வரும்

போன்தான் வரும். பெரும்பாலும் சத்தமாக வரும். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போனில் எந்தத் தொகைக்கும் சரி என்று சொல்லாதீர்கள். பேசி முடித்ததும் இரண்டு வரி அனுப்புங்கள்: “இன்று மாலை பேசியதில், மூலையைச் சரிசெய்ய ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். சீலிங் பற்றி முடிவு இல்லை. 24ஆம் தேதிக் கடிதத்தில் மாற்றம் இல்லை.” அவர் மறுத்து ஏதும் எழுதாவிட்டால், அன்று பேசியதற்கு இதுவே பதிவு.

ஆட்களைக் கூலிக்காக உங்கள் வாசலுக்கு அனுப்பினால், ரூ.58,000 எந்தத் தேதியில் போனது என்று காட்டுங்கள். மைத்துனர் வீட்டில் இது மறுபடி நடந்தது. பரிமாற்ற விவரத்தைக் கைபேசியில் பார்த்ததும் அந்தப் பையன்கள் நேரே கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனார்கள். பிரித்துக் கொடுத்ததின் பலன் அன்றைக்கு எனக்கே முழுதாகத் தெரிந்தது.

ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் தேதி முடிந்தபின் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள். பழைய நிலையைப் படம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சுரண்டிய பிறகு குறை என்ன என்பதற்குச் சாட்சி இருக்காது. ஆன செலவு ரூ.21,200 என்றால் எண்ணூறு ரூபாயை அனுப்பிவிடுங்கள். சிரிப்பார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அந்த எண்ணூறு ரூபாய், தாளில் உங்களுக்கு மிக நல்ல சாட்சி.

அவர் வழக்குப் போடுவேன் என்றால் போடட்டும். மூன்று வருடக் காலம் அவருக்கு உண்டு. உங்களுக்கும் வழி உண்டு. பகுதிப் பணம் கொடுத்து, மீதிக்கு வாக்குக் கொடுத்தவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பணம் பாக்கி வைத்திருப்பவர் எப்படிப் புகார் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போனால், வேலையின் தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவேண்டும்.

எங்கள் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு பேர் வந்து மூலையையும் குழாய் வாய்களையும் சுரண்டி, வலைத்துணி வைத்துப் பூசினார்கள். மழைக்கு நடுவே இடைவெளி பார்த்து மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் தேக்கினோம். சீலிங்கில் பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் வரவில்லை. சீலிங் அடித்துத் தர மட்டும் கான்ட்ராக்டர் மறுத்தார். கையில் வேறு வேலை, பெயின்டர் இல்லை என்றார். அப்படியானால் ரூ.5,500 போகட்டும், ரூ.16,500 தருகிறேன் என்றார் மைத்துனர். சரி என்றார். இப்போதுதான் முன்பு வேண்டாம் என்ற அந்த இன்னொரு வகைக் கடிதம் எழுதினோம், இருவரும் கையெழுத்திட்டு:

> 05.10.2024 பில் தொடர்பாக ஆட்சேபத்தில் இருந்த ரூ.22,000இல், மாடிக் கசிவு சரிசெய்யப்பட்டதால் ரூ.16,500 இன்று செலுத்தப்பட்டது. படுக்கையறைச் சீலிங் வேலையைக் கான்ட்ராக்டர் செய்யாததால் ரூ.5,500 குறைக்கப்பட்டது. இதை இந்த பில்லுக்கான முழுமையான இறுதித் தீர்வாக இருவரும் ஏற்கிறோம். மாடிப் பூச்சுக்குக் கொட்டேஷனில் கொடுத்த மூன்று வருட உத்தரவாதம் அப்படியே தொடரும்.

கடைசி வரியைச் சேர்க்கக் கான்ட்ராக்டர் கொஞ்சம் முனகினார். பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பார்க்கும்படியே மைத்துனர் கைபேசியில் ரூ.16,500 என்று அடித்து, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.